சின்ன வயசில விட்டாப் பிடிச்சிடுமா? மொழியும் வயதும்

"சின்னனிலயே விட்டாப் பிடிச்சிடும்." யாழ்ப்பாணத்தில் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆங்கில முன்பள்ளி தேடும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அதே வீட்டில் முப்பத்தைந்து வயதுத் தாய்க்கு அரச வேலைக்காகச் சிங்களம் தேவைப்படும். அவர் சொல்வது, "இனி இந்த வயசில எனக்கு எங்க ஏறப்போகுது." பிள்ளைக்கு இலேசு, தாய்க்குக் கஷ்டம் என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் இரண்டு பேச்சும் வருகின்றன.

அந்த எண்ணம் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு நிலைமையில் அது உண்மை; இன்னொரு நிலைமையில் ஆய்வுகள் காட்டுவது நேர் எதிரானதை. யாழ்ப்பாணத்து வகுப்பறை அந்த இரண்டாவது நிலைமைக்குள்தான் வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால், முன்பள்ளிக்குக் கொடுக்கும் காசிலிருந்து பெற்றோர் வராத ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். தாயோ தன்னால் முடிந்த ஒன்றைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்.

முதலில் கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும். யார் வேகமாகக் கற்கிறார் என்பது ஒன்று. பல வருடங்கள் கழித்து யார் அந்த மொழியைத் தாய்மொழிக்காரரைப் போலக் கதைக்கிறார் என்பது மற்றது. இரண்டுக்கும் விடை ஒன்றல்ல.

வேகத்தைப் பற்றிய மிகத் தெளிவான ஆய்வுகளில் ஒன்று 1978இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. கத்தரின் ஸ்னோ, மரியான் ஹூஃப்நாகல்-ஹோலே என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அந்த நாட்டுக்கு வந்து குடியேறியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை முதல் வளர்ந்தவர்கள் வரை எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். டச்சு மொழியை அவர்கள் பெரும்பாலும் வகுப்பில் படிக்கவில்லை. பள்ளியிலும் வேலையிடத்திலும் காதால் கேட்டுப் பிடித்தார்கள். நாலைந்து மாத இடைவெளியில் மூன்று தடவை உச்சரிப்பு, சொல்வளம், சொல்லின் வடிவ மாற்றம், வசனத்தைத் திருப்பிச் சொல்லுதல், கதையை விளங்கிக்கொள்ளுதல் என்று பலவற்றைச் சோதித்தார்கள்.

முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும். வருட முடிவில் மேலே நின்றவர்கள் 8 முதல் 10 வயதினரும் 12 முதல் 15 வயதினரும். எல்லாச் சோதனையிலும் கடைசியில் நின்றவர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். சின்னப் பிள்ளைக்கு மிகச் சாதகமான சூழலில், அதாவது அந்த மொழி வழங்கும் நாட்டிலேயே, முதல் வருடத்தின் நிலை இதுதான்.

அப்படியானால், வெளிநாடு போன குடும்பங்களில் பிள்ளை ஆறு மாதத்தில் சரளமாகக் கதைக்கிறது, தாய் தகப்பன் திணறுகிறார்கள் என்று எல்லோரும் காண்கிறோமே, அது என்ன? அளவுகோல் ஒன்றாக இல்லாததே அதற்கு முதற் காரணம். நாலு வயதுப் பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட அதிக சொற்கள் தேவையில்லை. "தா, நான் முதல், அது என்னுடையது, இஞ்சை வா" என்ற அளவில் கதைத்தாலே அது அந்த மொழியை முழுதாகக் கதைப்பது போலக் கேட்கும். தாயோ வைத்தியரிடம் நோவை விளக்க வேண்டும், வீட்டு ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும், வேலை நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த சொற்கள் பிள்ளையினுடையதைப் போல இரண்டு மடங்காக இருந்தாலும், செய்யவேண்டிய காரியத்துக்கு அது போதாது. ஆகவே தாய் தெரியாதவராகவும் பிள்ளை தெரிந்ததாகவும் தோன்றும்.

மற்றக் காரணம் நேரம். பிள்ளை காலை முதல் மதியம் வரை அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது. தப்பிக்க வழி இல்லை, பிழையாகக் கதைத்தால் யாரும் குறை நினைப்பதும் இல்லை. தாய் தமிழ்க் கடைக்குப் போகிறார், தமிழ் ஆட்களோடு கதைக்கிறார், உணவகத்தின் சமையலறையில் இன்னொரு தமிழரோடு வேலை செய்கிறார். இரண்டு வருடம் இருந்தேன் என்று இருவரும் சொல்லலாம். ஆனால் மொழியோடு இருந்த மணித்தியாலங்களை எண்ணினால் ஒருவருக்கும் மற்றவருக்கும் பல மடங்கு வித்தியாசம்.

இனி இரண்டாவது கேள்வி. பல வருடம் அந்த நாட்டில் வாழ்ந்த பிறகு யார் மேலே நிற்கிறார்? இங்கேதான் சிறுவயதுக்கு உண்மையான வெற்றி. 1989இல் ஜக்குலின் ஜோன்சன், எலிசா நியூபோர்ட் ஆகியோர் அமெரிக்காவில் குடியேறிய 46 சீன, கொரிய மொழிக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். 3 முதல் 39 வயது வரை வெவ்வேறு வயதில் வந்தவர்கள் அவர்கள். 276 ஆங்கில வசனங்களை ஒலிநாடாவில் கேட்டு எது சரி எது பிழை என்று சொல்ல வேண்டும். ஏழு வயதுக்கு முன் வந்தவர்களை அமெரிக்கர்களிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பருவமடையும் காலம் வரை, வந்த வயது கூடக் கூடப் புள்ளி படிப்படியாகக் குறைந்தது. வளர்ந்த பிறகு வந்தவர்களிடம் வயது எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே ஆளுக்கு ஆள்தான் வித்தியாசம். சிலர் நன்றாகச் செய்தார்கள், சிலர் மோசமாக.

2018இல் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹோர்ன், ஜோஷுவா டெனன்பாம், ஸ்டீவன் பிங்கர் ஆகியோர் இணையத்தில் ஓர் ஆங்கில இலக்கண வினாவிடையை வைத்து ஏறக்குறைய 6 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் விடைகளைச் சேர்த்தார்கள். இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் 17 வயதுவரை பெரிதாகக் குறையாமல் இருந்து, 17.4இல் சரியத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்ட விடை. தாய்மொழிக்காரரின் நிலையை எட்ட வேண்டுமானால் 10, 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் முரணல்ல. அந்த நிலையை எட்டப் பல வருடம் பிடிக்கும்; பிந்தித் தொடங்கியவருக்குச் சரிவுக்கு முன் அந்த வருடங்கள் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைகள் இதை "10 வயதுக்குப் பிறகு மொழி கற்க முடியாது" என்று எழுதின. ஆய்வு சொன்னது அதுவல்ல. அது பேசியது, கடைசி நுணுக்கம்வரை தாய்மொழிக்காரரைப் போல ஆவதைப் பற்றி. வேலைக்கும் படிப்புக்கும் நட்புக்கும் போதுமான அளவு கதைப்பதற்கு அந்த எல்லை பொருந்தாது. அதோடு, அதே தரவை 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்தபோது, சிறுவயதிலிருந்தே அந்த மொழிக்குள் வாழ்ந்தவர்களிடம்தான் சட்டென்ற முறிவு தெரிந்தது. பிந்தித் தொடங்கியவர்களிடம் மெதுவான சரிவுதான். 17, 18 என்பது பள்ளியை விடும் வயதும்கூட. மூளை மாறுகிறதா, வாழ்க்கை மாறுகிறதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. என் சாய்வு, இரண்டும் கலந்தது என்பதுதான்.

ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் சிறுபிள்ளை வென்ற இடமெல்லாம், அந்த மொழி வீட்டுக்கு வெளியே முழுநேரம் ஓடும் இடம்.

யாழ்ப்பாணத்தின் மணிக்கணக்கு

இப்போது ஒரு பிள்ளையை எடுத்துக் கணக்குப் போடுவோம். மூன்றரை வயது. காலை 8.30 முதல் 11.30 வரை ஆங்கில முன்பள்ளி. மூன்று மணித்தியாலமும் ஆங்கிலம் ஓடுகிறது என்று பெற்றோர் நினைப்பார்கள். ஆனால் அந்த நேரத்துக்குள் தேவாரம், சாப்பாடு, கை கழுவுதல், விளையாட்டு, அழுகிற பிள்ளையைத் தேற்றுதல் எல்லாம் உண்டு. இவை பெரும்பாலும் தமிழில்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். நிறம், எண், பாட்டு, "சிற் டவுண்", "கம் ஹியர்" என்று ஆங்கிலம் உண்மையாகக் காதில் விழும் நேரம் நாளுக்கு அரை மணித்தியாலம் என்று வைப்போம். வாரத்துக்கு 5 நாள், வருடத்துக்கு 40 வாரம். மொத்தம் 100 மணித்தியாலம்.

அதே வயதில் ஒரு பிள்ளை இலண்டனில் பள்ளிக்குப் போனால் நாளுக்கு 6 மணித்தியாலம், 5 நாள், 40 வாரம் என்று 1200 மணித்தியாலம் ஆங்கிலம் கேட்கும். விளையாட்டிடம், பேருந்து, ரீவி எல்லாம் தனி. அங்கே ஒரு வருடத்தில் கேட்பதை இங்கே முன்பள்ளியின் வேகத்தில் கேட்க 12 வருடம் வேண்டும்.

பள்ளிக்கு வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறாது. இலங்கைப் பாடத்திட்டத்தில் தரம் 1, 2இல் ஆங்கிலம் செயற்பாட்டோடு சேர்ந்த பேச்சாக மட்டும் வரும். முறையான பாடமாகத் தொடங்குவது தரம் 3இல். வாரத்துக்கு 4 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வருடத்தில் 35 வாரம் நடக்கிறது என்று வைத்தால் ஏறக்குறைய 93 மணித்தியாலம். சிங்களத்துக்கு வாரத்துக்கு 2 பாடவேளை என்றால் வருடத்துக்கு 47க்கும் குறைவு.

சின்னப் பிள்ளை மொழியைக் கற்கும் வழிக்கு இந்த அளவு ஏன் போதாது? சிறுபிள்ளை விதியைக் கேட்டுக் கற்பதில்லை. ஆயிரக்கணக்கான வசனங்களைக் கேட்டு, அவற்றுக்குள் திரும்பத் திரும்ப வருவதைத் தானறியாமல் பிரித்தெடுக்கிறது. அந்த வழி ஆழமானது, ஆனால் மெதுவானது. கேட்கும் அளவு பெரிதாக இருந்தால்தான் வேலை செய்யும். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இன்னொரு வழியும் உண்டு. "நேற்று என்றால் வினைச்சொல் இப்படி மாறும்" என்று ஒருதரம் சொன்னால் விளங்கும். வாசிக்கத் தெரியும், எழுதி வைத்துப் பார்க்கத் தெரியும், தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிடத் தெரியும். மணித்தியாலம் குறைவாக இருக்கும் இடத்தில் இந்த வழிதான் முந்தும்.

இதை நேரடியாகச் சோதிக்க ஒரு வாய்ப்பு ஸ்பெயினில் கிடைத்தது. அங்கே கல்விச் சட்டம் மாறியபோது ஆங்கிலம் தொடங்கும் வயது 11இலிருந்து 8க்கு இறங்கியது. பழைய முறையில் தொடங்கிய பிள்ளைகளும் புதிய முறையில் தொடங்கியவர்களும் கொஞ்சக் காலம் ஒரே நேரத்தில் பள்ளியில் இருந்தார்கள். பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில் கார்மென் முனோஸ் தலைமையிலான குழு, வயதால் ஒப்பிடாமல் மணித்தியாலத்தால் ஒப்பிட்டது. 200 மணித்தியாலம் படித்த பிறகு ஒரு சோதனை, 416க்குப் பிறகு ஒன்று, 726க்குப் பிறகு ஒன்று. மூன்றிலும் 11இல் தொடங்கியவர்கள் 8இல் தொடங்கியவர்களை விட மேலே நின்றார்கள். கேட்டு விளங்குவது போன்றவற்றில் இடைவெளி சிறிதாக இருந்தது. இலக்கணத்திலும் எழுத்திலும் பெரிதாக இருந்தது. முந்தித் தொடங்கியவர்கள் பின்னால் தாண்டிப் போவார்கள் என்ற எதிர்பார்ப்பு 726 மணித்தியாலம் வரை நிறைவேறவில்லை.

யாழ்ப்பாணத்துக் கணக்கில் வருடத்துக்கு 93 மணித்தியாலம் என்றால் 726ஐ எட்டப் பள்ளியில் மட்டும் கிட்டத்தட்ட எட்டு வருடம். தரம் 3இல் தொடங்கிய பிள்ளை தரம் 10 முடிக்கும்போதுதான் அந்த இடத்துக்கு வரும்.

சுவிற்சர்லாந்தில் சிமோன் ஃபெனிங்கர், டேவிட் சிங்கிள்ரன் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. சூரிச்சில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 13இல் தொடங்கியவர்களையும் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். முந்தியவர்களுக்கு 5 வருடமும் 440 மணித்தியாலமும் கூடுதல். ஆனால் இரு பகுதியும் ஒரே உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு, பிந்தியவர்கள் ஆறே மாதத்தில் பெரும்பாலான விடயங்களில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பள்ளி முடியும் நேரத்தில் யார் எப்போது தொடங்கினார் என்று பெறுபேற்றை வைத்துச் சொல்ல முடியவில்லை. தாய்மொழியில் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள்தான் ஆங்கிலத்திலும் மேலே போனார்கள். சரளமான தமிழ் எழுத்து ஆங்கிலத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கும் பெற்றோர் இந்த ஒரு முடிவையாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பள்ளி வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பழகும், கதை கேட்கும், கை வேலை செய்யும். அவை போதிய காரணங்கள். ஆங்கிலத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு கட்டணம் கொடுப்பதும், அதற்காக வீட்டில் தமிழை நிறுத்துவதும்தான் கணக்கில் நிற்காதவை.

உங்கள் பிள்ளை போகும் இடத்தில் ஆங்கிலம் உண்மையில் ஏறுகிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பாட்டையோ நிறங்களின் பெயரையோ சொல்லச் சொல்லாதீர்கள், அது மனப்பாடம். இரண்டு பொருட்களைச் சொல்லிக் கொடுக்காத விதமாகச் சேர்த்துக் கேளுங்கள். "செருப்பைக் கதிரைக்குக் கீழே வை" என்று, கையால் காட்டாமல், கண்ணால் அந்தப் பக்கம் பார்க்காமல், ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பிறகு "கதிரையை மேசைக்குப் பக்கத்தில் வை." இரண்டையும் பிழையில்லாமல் செய்தால் பிள்ளைக்குச் சொல்லும் விளங்குகிறது, வசன அமைப்பும் விளங்குகிறது. செருப்பை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று நின்றால் பெயர்ச்சொல் மட்டும் தெரியும். கதைக்கிறதா என்று பார்க்க அவசரப்பட வேண்டாம். புது மொழிக்குள் வந்த சின்னப் பிள்ளைகள் பல மாதம் வாய் திறக்காமலே கேட்டுக்கொண்டிருப்பது வழமை. விளக்கம் கூடிக்கொண்டிருந்தால் அந்த மௌனத்தில் பயமில்லை. ஒரு வருடம் போன பிறகும் சின்னக் கட்டளைகூட விளங்கவில்லை என்றால், கேட்கும் அளவு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

யூரியூப்பில் ஆங்கிலக் கார்ட்டூன் போட்டுவிட்டால் மணித்தியாலம் கூடுமே என்று கேட்பார்கள். 2003இல் பட்ரிசியா குல் என்பவரின் குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தது. ஒரு பகுதிக்கு ஆள் நேரே இருந்து பொம்மை காட்டிக் கதைத்தார். 25 நிமிடமாக 12 தடவை. மற்றவர்களுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரே கேட்ட குழந்தைகள் சீன ஒலி வித்தியாசத்தைப் பிடித்தார்கள். திரையில் பார்த்தவர்கள் எதையும் பிடிக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் திரையிலிருந்து சொற்களை எடுப்பார்கள், அது உண்மை. மூன்று வயதுக்குக் கீழே அதை நம்பியிருக்க முடியாது.

மறதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொரியாவில் பிறந்து 3 முதல் 8 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை, அவர்கள் வளர்ந்த பிறகு, கிறிஸ்தோஃப் பலியே குழு சோதித்தது. முடிவு 2003இல் வெளிவந்தது. கொரிய வசனங்களை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாய்மொழியாக வருடக்கணக்கில் பேசிய மொழியே பாவனை நின்றால் இப்படிப் போகுமென்றால், முன்பள்ளியில் சேர்ந்த நூறு மணித்தியாலம், பிறகு தொடர்ச்சி இல்லாவிட்டால், எவ்வளவு நிலைக்கும்?

காது மட்டும் வேறு கணக்கு

ஒலி என்று வரும்போது வயதின் கை உண்மையில் ஓங்குகிறது, அதுவும் நாம் நினைப்பதை விட மிக முந்தி. 1984இல் ஜனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் "த", "ட" இரண்டையும் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லோரும் வித்தியாசத்தைப் பிடித்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் பிடித்தவர்கள் மிகச் சிலர். முதற் பிறந்தநாளுக்குள் காது தன் வீட்டு மொழிக்குப் பழகிவிடுகிறது. தமிழ்க் குழந்தைக்கு "த"வும் "ட"வும் வாழ்நாள் முழுவதும் தெளிவாகக் கேட்கும். ஆங்கிலேயருக்கு அவை இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

நமக்கு அடைபட்ட ஒலிகளும் உண்டு. சிங்களத்தில் "கஹ" என்று தமிழில் எழுதக்கூடிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. "கண்" என்பதில் வரும் வன்மையான ஒலியோடு தொடங்கினால் மஞ்சள். "தங்கம்" என்பதில் "ங்"குக்குப் பின் வரும் மென்மையான ஒலியோடு தொடங்கினால் மரம். நம் பேச்சிலும் அந்த மென்மையான ஒலி உண்டு, ஆனால் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் அது பொருளைப் பிரிப்பதில்லை. ஆகவே காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. இதை விடக் கடினமானது "கந்த". மூக்கொலி தனியாக ஓர் இடம் எடுத்து நின்றால் அது மலை. மூக்கொலி மிகக் குறுகி, "த"வோடு ஒட்டி, ஒரு தொடுதலாக மட்டும் போனால் அது மரத்தண்டு. அந்தக் குறுகிய மூக்கொலி சிங்களத்தில் அன்றாடச் சொற்களில் வருகிறது: கிணறு, நிலா, மாங்காய் எல்லாவற்றிலும் உண்டு. தமிழர் அதை முழு மூக்கொலியாகவே கேட்பார், முழு மூக்கொலியாகவே சொல்வார். சொல்வது திருந்தாததற்குக் காரணம் நாக்கில் இல்லை, கேட்பதில்தான் இருக்கிறது.

முப்பத்தைந்து வயதில் இது திருந்துமா? ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் "ர", "ல" இரண்டும் ஒன்றுபோலக் கேட்பது பிரபலமான விடயம். 1990களில் அமெரிக்காவில் டேவிட் பிசோனி குழு வளர்ந்த ஜப்பானியரின் காதையே பயிற்றியது. ஒரு சொல் கேட்கும். இரண்டில் எது என்று தெரிவு செய்ய வேண்டும். சரியா பிழையா என்று உடனே தெரியும். சில வாரங்களில் பிரித்தறியும் திறன் கூடியது. பின்னர் 1997இல் வந்த ஆய்வில், வாயால் சொல்லும் பயிற்சி ஒன்றுமே கொடுக்காமல், அவர்கள் சொல்வதும் திருந்தியிருந்தது. ஒரே ஒருவரின் குரலில் பயின்றவர்கள் புதுக் குரலில் தடுமாறினார்கள். பலரின் குரலில் பயின்றவர்கள் புதுக் குரலிலும் பிடித்தார்கள் என்பதும் அந்தத் தொடரில் தெரிந்தது.

இதை வீட்டில் கைத்தொலைபேசியோடு செய்யலாம். சிங்களம் தாய்மொழியான நாலைந்து பேர் வேண்டும். ஆண், பெண், முடிந்தால் ஒரு பிள்ளை. மலைக்கான சொல்லையும் மரத்தண்டுக்கான சொல்லையும் ஒவ்வொருவரும் ஐந்து தடவை சொல்லப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பதிவும் தனிக் கோப்பாக இருக்கட்டும். பெயரில் விடை தெரியாதபடி எண் மட்டும் கொடுத்து, எந்த எண் எந்தச் சொல் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கவும். கடைசி ஆளின் பதிவைத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். மற்றவற்றைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, மலையா தண்டா என்று சொல்லி, உடனே தாளைப் பாருங்கள். பிழை என்றால் அதே பதிவை இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும்.

புள்ளியை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 20 பதிவு கேட்டு 10 சரி என்றால் வெறும் ஊகம். 12, 13 எடுத்தாலும் ஊகமாக இருக்கலாம். 15ம் அதற்கு மேலும் ஊகத்தால் வருவது நூற்றில் இரண்டு தடவைதான். ஆகவே அங்கிருந்துதான் காது திறக்கிறது என்று நம்பலாம். 18ஐ எட்டிய பிறகு ஒதுக்கி வைத்த ஆளின் பதிவை எடுங்கள். அதிலும் பத்தில் எட்டு ஒன்பது சரியாக வந்தால் ஒலியைப் பிடித்துவிட்டீர்கள். ஐந்து ஆறுக்கு விழுந்தால் பிடித்தது ஒலியை அல்ல, முதலில் கேட்ட ஆட்களின் குரலை. இன்னும் இரண்டு குரல் சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் 10, 11இலேயே நின்றால், "ந்" எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பலர் "த"வின் ஒலியில் வித்தியாசம் தேடுவார்கள். அது அங்கே இல்லை.

2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயமானது. அதற்காகச் சிங்களம் படிக்கும் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களின் வயதுக்கு அது பொருத்தமான வழிதான். விதியும் எழுத்தும்தான் வளர்ந்தவரின் பலம். வசன அமைப்பிலும் சிங்களம் நமக்குப் பெரிதாக எதிர்நிற்பதில்லை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் தலையைத் திருப்பிப் போடவேண்டிய இடங்களில் தமிழர் அப்படியே நடந்து போகலாம். அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவகம் தன் ஆட்களுக்குச் சிங்களம் படிப்பிக்க ஏறக்குறைய 1100 வகுப்பு மணித்தியாலம் ஒதுக்குகிறது. தமிழ் தெரிந்தவருக்கு அவ்வளவு தேவைப்படாது என்று துணிந்து சொல்வேன்.

காதுப் பயிற்சியால் வராததும் உண்டு. தனிச் சொல்லில் பிடித்த வித்தியாசம், வவுனியாவைத் தாண்டிய பேருந்தில் நடத்துநர் வேகமாகச் சொல்லும் வசனத்துக்குள் உடனே கேட்காது. பேசும்போதும் முன்பு பழகிய மூக்கொலி திரும்பித் தலைகாட்டும், முக்கியமாகக் களைத்திருக்கும்போதும் அவசரத்திலும். பிந்தித் தொடங்கிய பெரும்பாலானோரிடம் தாய்மொழியின் சாயல் கொஞ்சம் மிஞ்சியே இருக்கும். ஆனால் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் சொல்வது மரமா மஞ்சளா என்று விளங்குவதற்கு அந்தச் சாயல் போக வேண்டியதில்லை.